குளத்துக்கு வசூல்: முதல் ரசீது முதல் கடைசிக் கணக்கு வரை

அத்திக்கடவு–அவிநாசித் திட்டம் 2024 ஆகஸ்ட் 17 அன்று தொடங்கி வைக்கப்பட்டது. காலிங்கராயன் அணைக்கட்டுக்குக் கீழே பவானியில் வீணாகப் போகும் உபரி நீரைக் குழாய் வழியே ஈரோடு, திருப்பூர், கோவை மாவட்டங்களின் 1,045 குளம் குட்டைகளுக்குக் கொண்டுவரும் திட்டம் அது. ஆயிரம் அடி ஆழ்துளைக் கிணறு தோண்டியும் புகைதான் வந்தது என்று சலித்துப்போன ஊர்களில், அதற்குப் பிறகு ஒரு புதிய பேச்சு கிளம்பியிருக்கிறது. தண்ணீர் வந்தால் போதுமா, அது நிற்க இடம் வேண்டாமா? சீமைக்கருவேலம் மண்டி, வண்டல் மேடிட்டுக் கிடக்கும் குளத்தில் எவ்வளவு நீர் விட்டாலும் முழங்கால் அளவுதான் நிற்கும். ஆகவே குளத்தைத் தூர்வாரப் பணம் திரட்டலாம் என்று நான்கு பேர் கிளம்புகிறார்கள். அப்படி முதன்முறையாகக் கிளம்புகிறவர்களுக்காக இதை எழுதுகிறேன்.

பொக்லைன் எப்படி ஓட்டுவது என்பதை ஓட்டுநர் பார்த்துக்கொள்வார். வசூலை ஊருக்குள் எடுத்துச்செல்வது எப்படி, பாதி வழியில் நின்றுபோகாமல் பார்த்துக்கொள்வது எப்படி என்பதே இங்கே பேச்சு. எட்டு ஏக்கர் குளம் ஒன்றை எடுத்துக்கொண்டு, ஆறு லட்சம் ரூபாய் இலக்கு என்று வைத்துக் கணக்குப் போட்டுக் காட்டுகிறேன். வாடகைகள் எடுத்துக்காட்டுக்காக நான் வைத்தவை. உங்கள் ஊர் வண்டிக்காரரிடம் கேட்டு உங்கள் எண்களை எழுதிக்கொள்ளுங்கள்.

முதலில் காகிதம்

குளம் யாருடையது என்று தெரியாமல் ஒரு ரூபாய்கூட வாங்காதீர்கள். ஊராட்சியின் பொறுப்பில் இருக்கிறதா, நீர்வளத் துறையின் பொறுப்பில் இருக்கிறதா என்று கிராம நிர்வாக அலுவலரிடம் கேட்டு, உரியவரிடம் எழுத்து அனுமதி வாங்குங்கள். சீமைக்கருவேல விறகும் ஊர்ச் சொத்துதான். கமிட்டி அதைத் தானாக விற்றால் முதல் புகாரே அங்கிருந்து வரும். அத்திக்கடவுக் குழாய் வந்து முடியும் குளமென்றால், அந்த முகப்பைச் சுற்றி எவ்வளவு தூரம் தோண்டக் கூடாது என்பதையும் கேட்டு எழுதி வாங்குங்கள்.

வங்கிக் கணக்கு தனி மனிதர் பெயரில் இருக்கக் கூடாது. தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டம், 1975-இன்படி சங்கம் பதிய ஏழு பேர் வேண்டும். நாள் இருந்தால் பதிந்துவிடுங்கள். இல்லையென்றால் ஏற்கெனவே பதிவாகி, ஒழுங்காகக் கணக்கு வைத்திருக்கும் ஊர்ச் சங்கம் ஒன்றின் பெயரில், இந்த வேலைக்கென்றே தனிக் கணக்குத் திறக்கச் சொல்லுங்கள். மூவரில் இருவர் கையொப்பம் இல்லாமல் பணம் வெளியே போகக் கூடாது. அந்த மூவரும் ஒரே வீட்டுக்காரர்களாகவோ ஒரே தெருக்காரர்களாகவோ இருக்கக் கூடாது.

வெளிநாட்டுச் சொந்தங்கள் விஷயத்தில் கவனம் தேவை. அமெரிக்காவிலோ சிங்கப்பூரிலோ இருக்கும் உறவினர் இன்னும் இந்தியக் குடிமகனாக இருந்து, தன் சேமிப்பிலிருந்து முறையான வங்கி வழியே அனுப்பினால் அது வெளிநாட்டு நன்கொடை ஆகாது. அந்நாட்டுக் குடியுரிமை வாங்கிவிட்டவர் அனுப்பினால் ஆகும். அவர் நம் ஊரில் பிறந்தவராக இருந்தாலும், ஓசிஐ அட்டை வைத்திருந்தாலும் அப்படித்தான். வெளிநாட்டு நன்கொடை ஒழுங்குமுறைச் சட்டத்தின் கீழ் பதிவோ முன் அனுமதியோ இல்லாமல் அந்தப் பணத்தை வாங்கக் கூடாது. "எங்க அண்ணன் மகன்தானே" என்று வாங்கிவிட்டுப் பிறகு விழிக்க வேண்டாம். வரிச் சலுகை உண்டு என்பதையும், உங்கள் சங்கத்துக்கு அதற்கான வருமான வரிப் பதிவு கையில் இருந்தால் மட்டும் சொல்லுங்கள்.

இலக்கைப் படிகளாக உடையுங்கள்

ஆறு லட்சம் என்று சொன்னால் ஐந்நூறு ரூபாய் கொடுக்க நினைத்தவர் கையை இழுத்துக்கொள்வார். தன் பணம் எங்கே போய் ஒட்டும் என்று அவருக்குத் தெரிவதில்லை. ஆகவே வேலையைப் பிரித்து, ஒவ்வொரு வேலைக்கும் ஒரு தொகை போடுங்கள்.

சீமைக்கருவேலத்தை வேரோடு பிடுங்க ஜேசிபி 60 மணி நேரம், மணிக்கு 1,200 ரூபாய் வீதம் 72,000. மழைநீர் வரும் வாய்க்காலைச் சீராக்க 80 மணி நேரம், 96,000. வண்டல் அள்ளிக் கரையைப் பலப்படுத்தப் பெரிய பொக்லைன் 160 மணி நேரம், மணிக்கு 2,000 வீதம் 3,20,000. கலிங்கு பழுதுபார்க்க 62,000. எதிர்பாராத செலவுக்கு 50,000. ஆக மொத்தம் ஆறு லட்சம்.

இதை ஒன்றன்மேல் ஒன்றாகக் கூட்டிப் படிகளாக்கினால் முதல் படி 72,000, இரண்டாவது 1,68,000. அடுத்து 4,88,000 என்று ஒரே தாவலாக வைத்தீர்களானால் அங்கேதான் வசூல் படுத்துவிடும். முதல் வாரத்து வேகம் அடங்கி, முடிவும் கண்ணுக்குத் தெரியாத இடம் அது. வண்டல் வேலையை இரண்டாகப் பிரித்து, மூன்றாம் படியை 3,28,000 என்றும் நான்காம் படியை 4,88,000 என்றும் வையுங்கள். ஐந்தாவது கலிங்கு, 5,50,000. ஆறாவது முழுத் தொகை. வண்டல் படிகளில் மணிக்கணக்கே உங்கள் விலைச்சீட்டு. "இரண்டாயிரம் கொடுத்தால் ஒரு மணி நேரம் வண்டி ஓடும், ஐந்நூறு கொடுத்தால் கால் மணி நேரம் ஓடும்" என்று சொல்லுங்கள். அந்தக் கால் மணி நேரம் தன்னுடையது என்று கொடுத்தவர் நினைப்பார். கரையில் வந்து நின்றும் பார்ப்பார்.

படியை வேலையின் பெயரால் சொல்லுங்கள். "28 விழுக்காடு எட்டிவிட்டோம்" என்பதைவிட "வாய்க்கால் வேலைக்குப் பணம் சேர்ந்துவிட்டது, திங்கட்கிழமை வண்டி இறங்குகிறது" என்பது ஊருக்குப் புரியும்.

சத்தமில்லாத வசூல்

அறிவிப்புக்கு முன்பே முதல் இரண்டு படிகளைச் சேர்த்துவிடுங்கள். நம் கணக்கில் அது 1,68,000, இலக்கில் கால் பங்குக்குச் சற்று மேல். இதற்குச் சான்று உண்டு. ஜான் லிஸ்ட், டேவிட் லக்கிங்-ரெய்லி என்ற இரு பொருளியலாளர்கள் அமெரிக்காவின் மத்திய புளோரிடா பல்கலைக்கழகத்துக்காக ஒரு சோதனை நடத்தி, முடிவை 2002-இல் வெளியிட்டார்கள். கணினி வாங்க நன்கொடை கேட்டு வீடுகளுக்குக் கடிதம் போனது. சில கடிதங்களில் இலக்கில் 10 விழுக்காடு ஏற்கெனவே சேர்ந்துவிட்டது என்றும், சிலவற்றில் 33 என்றும், சிலவற்றில் 67 என்றும் இருந்தது. 67 என்று படித்தவர்களிடமிருந்து வந்த தொகை, 10 என்று படித்தவர்களிடமிருந்து வந்ததைப் போல ஏறத்தாழ ஆறு மடங்கு.

நம் ஊரில் இதற்கு ஆராய்ச்சி தேவையில்லை. காலித் தட்டில் முதல் காசு போட யாருக்கும் கை வராது. ஆனாலும் புதிதாக வருகிறவர்கள் முதலில் பேனர் அடித்துவிட்டு, பிறகு சுழியத்திலிருந்து தொடங்குகிறார்கள். பேனர் கடைசி. முதலில் கமிட்டி உறுப்பினர்கள் ஒவ்வொருவரும் தத்தம் வசதிக்குத் தக்கபடி கொடுத்து ரசீது வாங்க வேண்டும். பிறகு குளத்தால் நேரடியாகப் பயன்பெறும் தோட்டத்துக்காரர்கள். பிறகு ஊரைவிட்டுப் போய்த் திருப்பூரில் பனியன் கம்பெனியோ கோவையில் பட்டறையோ நடத்துகிற பத்துப் பதினைந்து பேர். இவர்களை நேரில் போய்ப் பார்க்க வேண்டும். வாட்ஸ்அப்பில் கேட்டால் "பார்க்கலாம்" என்றுதான் பதில் வரும்.

இந்தக் கட்டத்தில் ஒருவரிடம் மட்டும் வேறொன்று கேளுங்கள். ரசீதுப் புத்தகம், தேநீர், போக்குவரத்து, போர்டு எழுதும் செலவு ஆகிய சில்லறைகளை அவர் ஒருவரே ஏற்க முடியுமா என்று கேளுங்கள். ஏற்றுவிட்டால் "நீங்கள் தரும் ஒவ்வொரு ரூபாயும் குளத்துக்கே போகிறது" என்று மற்ற எல்லோரிடமும் உண்மையாகவே சொல்லலாம். நிர்வாகச் செலவை வேறொருவர் ஏற்றுவிட்டார் என்று தெரிந்தால் கொடுப்பவர்கள் கூடுகிறார்கள் என்று 2014-இல் 'சயின்ஸ்' இதழில் வந்த ஆய்வு ஒன்றும் சொல்கிறது.

காலத்தையும் பார்த்துக்கொள்ளுங்கள். தை, மாசியில் சத்தமில்லாத வசூல். மார்ச் 22 உலகத் தண்ணீர் நாள் கிராம சபையில் தீர்மானமும் பொது அறிவிப்பும். ஏப்ரல், மே மாதங்களில் வண்டி ஓடும். இடையில் மே 1 கிராம சபையில் இடைக்கால அறிக்கை, ஆகஸ்ட் 15 கிராம சபையில் முழுக்கணக்கு. கிராம சபை நாட்கள் முன்கூட்டியே எல்லோருக்கும் தெரிந்தவை என்பதால், கணக்குச் சொல்லும் நாளை நீங்கள் தள்ளிப்போட முடியாது. அதுதான் வசதி.

யார் வாயால் போக வேண்டும்

இந்தப் பக்கத்தில் வசூல் என்றாலே ஒரு முறை யோசிப்பார்கள். 2012-இல் பெருந்துறையில் ஈமு கோழி முதலீட்டு மோசடி வெளிப்பட்டபோது நகையை அடகு வைத்துப் பணம் போட்டவர்கள் பலர் நடுத்தெருவில் நின்றார்கள். ஏலச்சீட்டு எடுத்துக்கொண்டு ஓடியவர்களின் கதை ஊருக்கு ஒன்று உண்டு. ஆகவே பளபளப்பான காணொளியும் பிரபலத்தின் வாழ்த்தும் இங்கே சந்தேகத்தைத்தான் கூட்டும். தெரிந்த ஆள், தெரிந்த குரல் வேண்டும்.

அந்த ஆளை எப்படிக் கண்டுபிடிப்பது? ஒவ்வொரு தெருவிலும் ஐந்தாறு வீடுகளில் ஒரே கேள்வியைக் கேளுங்கள்: "அவசரமாக வெளியூர் போகிறீர்கள், வீட்டில் பத்தாயிரம் ரூபாய் இருக்கிறது, யாரிடம் கொடுத்துவிட்டுப் போவீர்கள்?" இரண்டு மூன்று பெயர்களே திரும்பத் திரும்ப வரும். ஊர்க்கவுண்டர் பெயரும் வரலாம். ஆனால் பெரும்பாலும் வருவது பால் சங்கச் செயலர், ஓய்வுபெற்ற ஆசிரியர், மகளிர் குழுவின் கணக்கு எழுதும் அக்கா, மருந்துக்கடைக்காரர் போன்றவர்கள். அதிகாரம் உள்ளவரும் நம்பிக்கைக்குரியவரும் எப்போதும் ஒருவராகவே இருப்பதில்லை.

இப்படிக் கிடைப்பவர்தான் வசூலுக்குத் தூதர். ஒரு தெருவுக்கு ஒரு தூதர் என்பதில் விட்டுக்கொடுக்காதீர்கள். காலனித் தெருவுக்கு அந்தத் தெருக்காரரே சொல்ல வேண்டும். அவர் கமிட்டியிலும் இருக்க வேண்டும், வண்டல் யாருக்கு எவ்வளவு என்று முடிவாகும் இடத்திலும் இருக்க வேண்டும். ஒரே சாதியின் நான்கு வீடுகள் கூடி முடிவெடுத்துவிட்டு மற்றத் தெருக்களுக்கு உண்டியலை மட்டும் அனுப்பினால், அந்தத் தெருக்கள் கொடுக்கவும் மாட்டா, வந்து பார்க்கவும் மாட்டா. அவர்களைக் குறை சொல்ல எனக்கு ஒரு காரணமும் தெரியவில்லை. தேர்தல் நெருங்கினால் கட்சிப் பொறுப்பில் இருப்பவரைத் தூதராக வைக்காதீர்கள். அவர் எவ்வளவு நல்லவரானாலும் ஊரில் பாதி எதிர்க்கட்சி.

தூதருக்கு ஒரு பக்கத்தில் மூன்று பதில்களை எழுதிக் கொடுங்கள். பணம் யாரிடம் இருக்கிறது? இதுவரை எவ்வளவு வந்தது, எவ்வளவு போனது? வேலை நடக்காமல் போனால், அல்லது பணம் மிஞ்சினால் என்ன ஆகும்? இந்த மூன்றாவது கேள்விக்கு முன்பே முடிவெடுத்துத் தீர்மானப் புத்தகத்தில் எழுதியிருக்க வேண்டும். "மிஞ்சினால் அடுத்த ஆண்டு கரை பராமரிப்புக்கு, வேலையே தொடங்காவிட்டால் ரசீதைக் காட்டித் திரும்பப் பெறலாம்" என்பது போல ஒரே வரி போதும். தூதர் சமாளித்தால் கேட்பவருக்கு உடனே தெரிந்துவிடும்.

தூதர் பணத்தைக் கையால் வாங்கலாமா? ரசீதுப் புத்தகம் இருந்தால் மட்டும். எண்ணிட்ட புத்தகம், ஒவ்வொன்றிலும் 50 ரசீது, எந்தப் புத்தகம் யாரிடம் என்று ஒரு பதிவேடு. வாங்கிய பணம் இரண்டு நாட்களுக்குள் வங்கியில் சேர வேண்டும். க்யூஆர் அட்டையில் சங்கத்தின் பெயரைப் பெரிய எழுத்தில் அச்சடித்து, "பணம் அனுப்பும் முன் திரையில் இந்தப் பெயர் வருகிறதா என்று பாருங்கள்" என்று கீழே எழுதுங்கள். தேநீர்க்கடையில் ஒட்டிய க்யூஆர் மீது வேறொருவர் தன்னுடையதை ஒட்டிவிட்டுப் போகும் வேலை எங்கும் நடக்கிறது. வாரம் ஒரு முறை ஒட்டிய இடங்களில் எல்லாம் ஒரு ரூபாய் அனுப்பிச் சோதித்துக்கொள்ளுங்கள்.

இன்னொன்று. பால் சங்கத்தில் போர்டு வைக்கலாம், செயலர் அறிவிக்கலாம். ஆனால் பால் பணத்தில் "குளத்துக்கு" என்று பிடித்தம் செய்ய விடாதீர்கள். கேட்காமல் பிடித்த நூறு ரூபாய், கேட்டு வாங்கியிருக்கக்கூடிய ஆயிரத்தைக் கெடுத்துவிடும். நோம்பி வரியோடு குள வசூலைச் சேர்ப்பதும் அப்படித்தான். வரி என்பது கடன், கட்டித் தீர வேண்டியது. இது அப்படியல்ல என்பது தெளிவாக இருக்க வேண்டும்.

வாரக் கணக்கு

திருப்பூர்ப் பக்கம் வாரச் சம்பளம் சனிக்கிழமை கைக்கு வரும். ஞாயிற்றுக்கிழமை காலையில் எல்லோரும் வீட்டில் இருப்பார்கள். ஆகவே அறிக்கை ஞாயிறு காலை எட்டு மணிக்கு, தவறாமல். வாட்ஸ்அப் குழுவில் நிர்வாகிகள் மட்டும் பதிவிடும்படி அமைத்துவிடுங்கள். இல்லையென்றால் காலை வணக்கப் பூக்களுக்கு நடுவே கணக்கு காணாமல் போகும். அதே அறிக்கை பால் சங்கத்துப் போர்டில் சாக்பீஸில் எழுதப்பட வேண்டும். படிக்கத் தெரியாத பெரியவர்களுக்காக இரண்டு நிமிடக் குரல் பதிவும் வேண்டும், அதைத் தெருத் தூதரே தன் குரலில் பேசி அனுப்பட்டும்.

நம் எட்டு ஏக்கர் குளத்தின் நான்காம் வார அறிக்கை இப்படி இருக்கலாம்:

> அறிக்கை 4. ஞாயிறு.
> கடந்த வாரம் வரை வரவு 2,14,500. இந்த வாரம் வங்கி, யுபிஐ வழியே 31,000. ரசீதுப் புத்தகம் வழியே 12,500. மொத்த வரவு 2,58,000.
> கடந்த வாரம் வரை செலவு 1,68,000. இந்த வாரம் பொக்லைன் 30 மணி நேரம், 60,000. மொத்தச் செலவு 2,28,000.
> இருப்பு 30,000. வங்கியில் 27,500, கையில் 2,500, திங்களன்று வங்கியில் சேரும்.
> தருவதாகச் சொல்லி இன்னும் வராதது 85,000. இது மேலே உள்ள வரவில் சேர்க்கப்படவில்லை.
> சீமைக்கருவேலம் பிடுங்க 60 மணி நேரம் என்று சொன்னோம், 66 ஆனது. கூடுதல் செலவு 7,200. வாய்க்கால் 80-க்குப் பதில் 74 மணியில் முடிந்ததால் அது ஈடாகிவிட்டது.
> மூன்றாம் படிக்கு இன்னும் 70,000 வேண்டும். அதாவது 35 மணி நேர வண்டி.

இதில் மூன்று இடங்களைக் கவனியுங்கள். முதலாவது, சொன்ன பணத்தையும் வந்த பணத்தையும் கலக்கவில்லை. மேடையில் "நான் ஐம்பதாயிரம்" என்று கைதட்டல் வாங்குகிறவர்களில் எல்லோரும் கொடுத்துவிடுவதில்லை. அதை வரவில் சேர்த்துவிட்டால், பிற்பாடு மொத்தம் குறையும்போது கமிட்டிதான் தின்றுவிட்டது என்று பேச்சு வரும். இரண்டாவது, கணக்கு பிசகிய இடத்தை ஊர் கண்டுபிடிக்கும் முன் அறிக்கையே சொல்லிவிட்டது. கரையில் நின்று வண்டி ஓடுவதை எண்ணிக்கொண்டிருக்கும் ஆள் எல்லா ஊரிலும் உண்டு. மூன்றாவது, கடைசி வரி கேட்பது ஆறு லட்சத்தை அல்ல, அடுத்த படிக்குக் குறைகிற எழுபதாயிரத்தை மட்டும்.

செலவுக்கு ஆதாரம் பற்றியும் சொல்ல வேண்டும். வண்டி வாடகைதான் சந்தேகம் அதிகம் விழும் இடம். பொக்லைனிலும் ஜேசிபியிலும் எஞ்சின் ஓடிய நேரத்தைக் காட்டும் மணி மீட்டர் இருக்கும். காலையில் வேலை தொடங்கும்போதும் மாலையில் நிறுத்தும்போதும் அந்த மீட்டரைப் படம் எடுங்கள். காலையில் 4,812.4, மாலையில் 4,820.4 என்றால் எட்டு மணி நேரம். ஓட்டுநரின் சீட்டில் பத்து என்று எழுதியிருந்தால் அங்கேயே பேசித் தீர்த்துக்கொள்ளலாம். ஆனால் எஞ்சின் ஓடிக்கொண்டே வண்டி சும்மா நின்றாலும் மீட்டர் ஏறும். ஆகவே தினமும் வேறு வேறு தெருக்காரர் ஒருவர் களத்தில் இருந்து, வேலை நடந்த நேரத்தைச் சீட்டில் எழுதிக் கையொப்பமிடட்டும். இரவில் நான்கு பேர் டார்ச்சோடு போய்ப் பார்த்து "எட்டு மணி நேரத்துக்கு வேலை இவ்வளவுதானா?" என்று கேட்பதைவிட இது மேல்.

படங்களையும் ஒரே இடத்திலிருந்து எடுங்கள். கரையில் ஒரு கல்லை நட்டு, எப்போதும் அதன் மேல் நின்று, அதே திசையைப் பார்த்து எடுக்க வேண்டும். முன்பு ஒரு மூலையையும் பின்பு இன்னொரு மூலையையும் காட்டினால் யாரும் ஏமாற மாட்டார்கள். குளத்தின் நடுவில் அடிக்கணக்கு எழுதிய கம்பம் ஒன்றை நட்டு, அது நிற்கும் மண் மேட்டை மட்டும் தோண்டாமல் விடுங்கள். எவ்வளவு ஆழம் போயிருக்கிறது என்பதைக் கரையில் நிற்கும் எவரும் அந்த மேட்டை வைத்தே சொல்லிவிடுவார்கள்.

வண்டலும் ஒரு செய்திதான். விவசாயிகள் வட்டாட்சியர் அனுமதியோடு குளத்து வண்டலைக் கட்டணமின்றி எடுக்கலாம். ஏக்கருக்கு நஞ்சையில் 75 கன மீட்டர், புஞ்சையில் 90 கன மீட்டர் வரை. முதல் லோடு யார் தோட்டத்தில் இறங்குகிறது என்பதை ஊர் கவனிக்கும். அது கமிட்டித் தலைவர் தோட்டமாக இருக்கக் கூடாது. விண்ணப்பித்தவர்களின் பெயர்களைச் சீட்டுக் குலுக்கி வரிசைப்படுத்தி, அந்த வரிசையையும் அறிக்கையில் போடுங்கள்.

கொடுத்தவர் பெயர் போடுவதைப் பற்றிப் பலருக்குக் குழப்பம். மொய் எழுதிப் பழகிய ஊர் நம்முடையது. பெயரும் தொகையும் வாசிப்பது யாருக்கும் புதிதல்ல. ஆனால் தொகை வரிசையில் போட்டால் இருநூறு கொடுத்த அம்மா பட்டியலின் அடியில் கிடப்பார். ரசீது எண் வரிசையில் போடுங்கள். தன் ரசீதைத் தேடிப் பார்க்கவும் அதுவே எளிது, விடுபட்ட எண்ணும் உடனே கண்ணில் படும். பெயர் வேண்டாம் என்பவருக்கு எண்ணும் தொகையும் மட்டும். கைபேசி எண் எதுவும் பட்டியலில் வரக் கூடாது.

நடுவில் நின்றுவிட்டால்

மூன்றாம் படிக்கும் நான்காம் படிக்கும் இடையே இரண்டு வாரம் ஒன்றுமே வராமல் போகலாம். அப்போதும் ஞாயிற்றுக்கிழமை அறிக்கை போக வேண்டும். "இந்த வாரம் வரவு 1,500. பணம் இல்லாததால் புதன்கிழமை வண்டியை நிறுத்திவிட்டோம்" என்று எழுதுவதில் வெட்கம் எதுவும் இல்லை. அறிக்கை வராத வாரத்தில்தான் வதந்தி வரும். கடன் சொல்லி வண்டியை ஓட்டாதீர்கள். பிறகு வருகிற ஒவ்வொரு ரூபாயும் பழைய பாக்கிக்கே போகும், புதிதாகக் காட்ட ஒன்றும் இருக்காது.

நின்றதற்குக் காரணம் என்ன என்பதை ரசீதுப் பதிவேடே சொல்லும். எல்லாத் தெருவிலும் குறைந்திருந்தால், படி பெரிதாக இருக்கிறது. இன்னும் சிறியதாக உடையுங்கள், பத்து மணி நேர வண்டிக்கு 20,000 என்று கேளுங்கள். ஒரு தெருவில் மட்டும் நின்றிருந்தால், அங்கே ஏதோ மனத்தாங்கல் இருக்கிறது. தூதர் போய்க் கேட்டால் வாய்க்கால் ஓரம் ஒருவர் வேலி சாய்ந்தது, வண்டல் வரிசையில் பெயர் விட்டுப்போனது என்று ஒன்று வெளியே வரும். வெளியூர்க்காரர்கள் மட்டும் நின்றிருந்தால், அவர்கள் கண்ணுக்கு ஒன்றும் தெரியவில்லை என்று பொருள். கல்லின் மேல் நின்று எடுத்த படங்களை வரிசையாக அவர்களுக்கு அனுப்புங்கள்.

செய்யவே கூடாதது ஒன்று உண்டு. கொடுக்காதவர் பட்டியல் போடுவது, அல்லது தூதரை விட்டு ஜாடையாகப் பேசச்செய்வது. கொடுக்காதவருக்கு வீட்டில் மருத்துவச் செலவு இருக்கலாம். தறி ஓடாமல் இருக்கலாம். அப்படிப்பட்டவர் ஒரு நாள் களத்தில் நின்று மணி எழுதினால் அதையும் அறிக்கையில் பெயரோடு போடுங்கள்.

கணக்கை முடித்தல்

இலக்கு எட்டிய அன்றே வசூலை நிறுத்துங்கள். க்யூஆர் அட்டைகளைக் கழற்றி, ரசீதுப் புத்தகங்களைத் திரும்ப வாங்கி, எழுதாத தாள்கள் ஒவ்வொன்றின் குறுக்கேயும் கோடிட்டு "ரத்து" என்று எழுதுங்கள். எந்தப் புத்தகமாவது திரும்பி வராவிட்டால், அதன் எண்களைப் போர்டில் எழுதி, அந்த எண் ரசீது வைத்திருப்பவர் கமிட்டியைப் பார்க்கச் சொல்லுங்கள்.

கமிட்டியில் இல்லாத இருவர் கணக்கைப் பார்க்கட்டும். ஒருவர் வங்கியிலோ கூட்டுறவிலோ வேலை பார்த்தவராக இருந்தால் நல்லது, இன்னொருவர் உங்களை முதலிலிருந்தே குறை சொல்லிக்கொண்டிருந்தவராக இருந்தால் அதைவிட நல்லது. அவர்கள் பார்க்க வேண்டியவை நான்கு: வங்கி அறிக்கை, ரசீது அடிக்கட்டைகள், மணி மீட்டர் படங்களோடு வாடகைச் சீட்டுகள், தீர்மானப் புத்தகம். அடிக்கட்டைகளின் கூட்டலும் நேரடி வங்கி வரவும் சேர்ந்து மொத்த வரவோடு ஒத்துப்போக வேண்டும். ஒத்துப்போகவில்லையென்றால் வித்தியாசத்தை அப்படியே எழுதிக் கையொப்பமிடட்டும், கமிட்டி சரிக்கட்டக் கூடாது.

ஆகஸ்ட் 15 கிராம சபையில் அந்த இருவரே எழுந்து வாசிக்கட்டும். வாசித்த தாளின் நகலை ஊராட்சி அலுவலகத்தில் ஒன்றும் பால் சங்கத்தில் ஒன்றும் கொடுத்துவிட்டு, மிஞ்சிய தொகை அடுத்த தை மாதக் கரை வேலை வரை எந்தக் கணக்கில், யார் யார் கையொப்பத்தில் இருக்கும் என்பதைத் தீர்மானமாக எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.